நிறம் ஒரு மாதம் தள்ளி விழுகிறதா? சதவீத மாற்ற விதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்செல் தாளில் B நெடுவரிசையில் ஜனவரி, C-இல் பிப்ரவரி, D-இல் மார்ச் என்று மாத விற்பனை இருக்கிறது. B2-இல் 400, C2-இல் 460, D2-இல் 391. Conditional Formatting விதிகள் மூலம், முந்தைய மாதத்தைவிட 10 சதவீதம் கூடினால் பச்சை, அதே அளவு குறைந்தால் சிவப்பு வேண்டும். பிப்ரவரி 15 சதவீதம் ஏற்றம், மார்ச் 15 சதவீதம் இறக்கம். பச்சைக்கான சூத்திரம் இது:

```
=(C2-B2)/B2>=10%
```

இதை எழுதிவிட்டு B2 முதல் M20 வரை தேர்ந்தெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. விதியின் சூத்திரம் தேர்வின் முதல் செல்லுக்காக எழுதப்பட்டதாகவே எக்செல் எடுத்துக்கொள்ளும். முதல் செல் B2 என்றால், பிப்ரவரியின் ஏற்றத்துக்கு ஜனவரி பச்சையாகும். பிழைச்செய்தி எதுவும் வராது. அட்டவணை அழகாகவே இருக்கும், சொல்வதுதான் பொய். ஜனவரிக்கு முந்தைய மாதம் இல்லை. அது நிறம் பெற்றிருந்தாலே சந்தேகப்படுங்கள். தேர்வு C2-இல் தொடங்க வேண்டும். எக்செல்லில் இன்னொரு வம்பும் உண்டு: கீழிருந்து மேலாக இழுத்துத் தேர்ந்தெடுத்தால், தொடங்கிய கடைசிச் செல்லையே அது முதல் செல்லாகக் கொள்ளும்.

சூத்திரம் எழுதும்போது செல்லைச் சொடுக்கினால் எக்செல் $C$2 என்று டாலர் குறிகளைத் தானாகச் சேர்த்துவிடும். அப்படியே விட்டால் எல்லாச் செல்களும் அந்த ஒரே மாதத்தைப் பார்த்து ஒரே நிறத்தில் நிற்கும். F4 விசையை மூன்று முறை அழுத்தி அவற்றை நீக்குங்கள். 10% என்பதற்குப் பதிலாக வெறும் 10 என்று எழுதினால் அது ஆயிரம் சதவீதம். எதுவுமே நிறம் மாறாது.

சிவப்பு விதியில் சிக்கல் வேறு. இன்னும் வராத ஏப்ரலின் E2 காலியாக இருக்கும். சூத்திரம் அதைப் பூஜ்யமாக எண்ணி நூறு சதவீத வீழ்ச்சி என்று சிவப்பாக்கும். எனவே எண் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்:

```
=AND(ISNUMBER(C2),B2>0,C2-B2<=-10%*B2)
```

இங்கே வகுக்காமல் பெருக்கியிருக்கிறேன். முந்தைய மாதம் பூஜ்யமாக இருந்தால் வகுத்தல் பிழையாகி, விதி சத்தமில்லாமல் செயலிழக்கும். அதனால் பூஜ்யத்திலிருந்து 50-க்கு ஏறிய மாதமும் பச்சை விதியில் நிறமின்றியே இருக்கும். அதற்குச் சதவீதமே கிடையாது. வேண்டுமென்றால் தனி விதியும் தனி நிறமும் கொடுங்கள்.

ஐயம் இருந்தால் சூத்திரத்தை அட்டவணைக்கு வெளியே, அதே இரண்டாம் வரிசையில் P2-இல் ஒட்டி வலப்பக்கம் இழுத்துப் பாருங்கள். P2 பிப்ரவரிக்கு, Q2 மார்ச்சுக்கு. சிவப்பு விதிக்கு P2-இல் FALSE, Q2-இல் TRUE வர வேண்டும்.