நெஃப்ரான் படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘நெஃப்ரானின் படம் வரைந்து பாகங்களைக் குறி, சிறுநீர் உருவாகும் விதத்தை விளக்கு.’ சென்னைப் பள்ளிகளில் பயாலஜி எடுத்த எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது எழுதும் அசைன்மென்ட் இது. மேற்கு மாம்பலத்தில் டியூஷன் எடுக்கும் நான் இந்த நோட்டுகளை வருடம் தவறாமல் பார்க்கிறேன். படத்தைத் தனியாகவும் விளக்கத்தைத் தனியாகவும் தயார் செய்வதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். படம் ஏதோ ஒரு சார்ட்டிலிருந்து வருகிறது, விளக்கம் கைடிலிருந்து வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. ஆனால் படத்தில் தவறாகப் போன ஒரு கோடு, விளக்கத்தில் ஒரு தவறான வாக்கியமாகத் திரும்ப வந்துவிடும்.

சிறுநீரகத்தின் நீள்வெட்டுத் தோற்றத்தில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. வெளியே கார்டெக்ஸ், உள்ளே பிரமிடுகளாக மெடுல்லா, நடுவில் பெல்விஸ், அதிலிருந்து இறங்கும் சிறுநீர்நாளம். இவற்றை எல்லோரும் சரியாகவே வரைகிறார்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார்கள். பக்கத்தில் பெரிதாக வரையும் நெஃப்ரான் அந்த வெட்டுத் தோற்றத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டுவதில்லை. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. அதனால் ஒரு பிரமிடின் மேல் சிறு கட்டம் போட்டு, அங்கிருந்து அம்புக்குறி இழுத்து, அதன் பிறகு பெரிதாக்கிய படத்தை வரையுங்கள். அந்தப் பெரிய படத்தின் குறுக்கே கார்டெக்ஸையும் மெடுல்லாவையும் பிரிக்கும் புள்ளிக்கோடு ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பிற்பாதி விளக்கம் முழுக்க அந்தரத்தில் நிற்கும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் பெரிய தவறு ரத்தக் குழாய்களில் நடக்கிறது. கிளாமருலஸுக்குள் நுழையும் குழாயைச் சிவப்பிலும், வெளியேறும் குழாயை நீலத்திலும் தீட்டி, இரண்டையும் ஒரே பருமனில் வரைகிறார்கள். அப்புறம் விளக்கத்தில், ‘சுத்தமான ரத்தம் சிரை வழியாக வெளியேறுகிறது’ என்று எழுதுகிறார்கள். வெளியேறுவது சிரை அல்ல. அது வெளிச்செல் நுண்தமனி. கிளாமருலஸில் ரத்தம் தன் ஆக்சிஜனைக் குறிப்பிடும்படி இழப்பதில்லை. ஆகவே இரண்டுக்கும் சிவப்புதான்.

பருமன் வேறுபாடு அழகுக்காக வரைவது அல்ல. உட்செல் நுண்தமனியைவிட வெளிச்செல் நுண்தமனி குறுகலானது. ஓடும் ஹோஸ் பைப்பின் வாயை விரலால் பாதி அடைத்தால் பின்னால் அழுத்தம் ஏறுமே, அதுபோலக் கிளாமருலஸுக்குள் அழுத்தம் உயர்ந்தே நிற்கிறது. அது சுமார் 55 மில்லிமீட்டர் பாதரசம். ரத்தப் புரதங்கள் நீரைத் தம்பக்கம் இழுக்கும் விசை இதற்கு எதிராக 30 இருக்கும். பௌமானின் கிண்ணத்தில் ஏற்கெனவே இருக்கும் திரவத்தின் எதிர் அழுத்தம் இன்னொரு 15. கழித்தால் மிஞ்சுவது 10. வடிகட்டலை நடத்துவது இந்த 10தான். இரு குழாய்களையும் ஒரே பருமனில் வரைந்துவிட்டு, ‘அதிக அழுத்தத்தால் வடிகட்டப்படுகிறது’ என்று எழுதினால், அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் படத்தில் பதில் இருக்காது.

வெளிச்செல் நுண்தமனியை நட்டநடுவில் வெட்டி நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அது தொடர்ந்து போய், நுண்குழல்களைச் சுற்றித் தந்துகி வலையாகப் பிரிய வேண்டும். அந்த வலை இல்லாத படத்தில், மீள உறிஞ்சப்பட்ட குளுக்கோஸும் நீரும் போய்ச் சேர இடமே கிடையாது. இதில் இன்னொரு அழகும் இருக்கிறது. கிளாமருலஸுக்கு வரும் பிளாஸ்மாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே வடிகிறது. மீதி நான்கு பங்கும் புரதங்களை முழுமையாகச் சுமந்தபடி இந்தத் தந்துகிகளுக்குள் போகிறது. நீர் குறைந்து புரதம் செறிந்த அந்த ரத்தம், குழலிலிருந்து வரும் நீரை எளிதாக இழுத்துக்கொள்கிறது.

இரண்டாவது தவறு, ‘கிளாமருலஸ் கழிவுகளை வடிகட்டுகிறது’ என்ற வாக்கியம். பாதி உண்மையாக இருப்பதால் இதைத் திருத்துவது கடினம். கிளாமருலஸுக்குக் கழிவு எது, சத்து எது என்று தெரியாது. ரத்த அணுக்களும் பெரும்பாலான புரதங்களும் நின்றுவிடும். நீர், உப்பு, குளுக்கோஸ், அமினோ அமிலம், யூரியா எல்லாம் கடந்துவிடும். குளுக்கோஸை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை என்றால், நிமிடத்துக்கு 125 மில்லிகிராம் குளுக்கோஸ் குழலுக்குள் போகிறது. ஒரு நாளைக்கு அது 180 கிராம். ஆரோக்கியமானவரின் சிறுநீரில் வருவதோ சோதனையில் தெரியாத அளவு. எனவே ‘வடிதிரவத்தில் குளுக்கோஸ் இல்லை’ என்று எழுதுவது தவறு, ‘சிறுநீரில் குளுக்கோஸ் இல்லை’ என்பது சரி. இரண்டுக்கும் நடுவே இருப்பது அண்மைச் சுருண்ட நுண்குழல். யூரியா முழுவதும் வெளியே போய்விடுவதாக எழுதுவதும் பிழை; வடிந்த யூரியாவில் ஏறத்தாழப் பாதி மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் பாகம் குறிக்கும் கோட்டையும் கவனியுங்கள். பௌமானின் கிண்ணம் என்ற கோடு கிளாமருலஸ் மீதே முடிவதைப் பல நோட்டுகளில் பார்க்கலாம். கிண்ணத்தை மூடிய வட்டமாக வரைவதால் வரும் குழப்பம் அது. கிண்ணத்துக்கு இரண்டு சுவர்கள் உண்டு. உட்சுவர் தந்துகிகளை ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நேராக நுண்குழலுக்குள் திறக்கும். அந்த வாய் திறந்திருப்பது படத்தில் தெரிய வேண்டும்.

இப்போது புள்ளிக்கோட்டுக்கு வருவோம். மூன்றாவது தவறு, என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது, ஹென்லே வளைவில் இருக்கிறது. ‘ஹென்லே வளைவில் சிறுநீர் அடர்த்தியாகிறது’ என்று எழுதுகிறார்கள். படத்தில் அந்த வளைவு ஒரே தடிமனில் வளைந்த கொண்டை ஊசிபோல இருக்கும், சிலசமயம் கோட்டுக்கு மேலேயே கார்டெக்ஸில் தொங்கும்.

நீரைப் பின்தொடர்ந்தால் உண்மை புரியும். ஒரு நாளில் வடிவது 180 லிட்டர். அதில் சுமார் 117 லிட்டரை அண்மைச் சுருண்ட நுண்குழல் திருப்பி அனுப்பிவிடுகிறது. உப்பும் நீரும் சேர்ந்தே போவதால், மிஞ்சும் 63 லிட்டரின் அடர்த்தி மாறுவதில்லை. ரத்தத்தைப் போலவே லிட்டருக்கு 300 மில்லிஆஸ்மோல்தான். அது மெடுல்லாவுக்குள் இறங்குகிறது. கீழிறங்கும் பகுதியின் சுவர் நீரை விடும். சுற்றிலும் உப்புச் செறிவு கூடிக்கொண்டே போவதால் இன்னும் 27 லிட்டர் வெளியேறுகிறது. நீண்ட வளைவின் அடிமுனையில் அடர்த்தி 1200 வரை ஏறுகிறது. இதுவரை மாணவர் எழுதியது சரி.

மேலேறும் பகுதியில் கதை தலைகீழ். அதன் சுவர் நீரை விடவே விடாது. உப்பு மட்டும் வெளியேறும், தடித்த பகுதியில் ஆற்றலைச் செலவழித்தே வெளியேற்றப்படும். ஆகவே வளைவைத் தாண்டிக் கார்டெக்ஸுக்குத் திரும்பும் 36 லிட்டர் திரவம் ரத்தத்தைவிட நீர்த்துப்போய், 100 அளவில் நிற்கிறது. ஹென்லே வளைவு சிறுநீரை நேரடியாக அடர்த்தியாக்குவதில்லை. மெடுல்லாவின் திசுவை உப்பாக்கி வைக்கிறது. அந்த உப்பைப் பயன்படுத்திக்கொள்வது பிறகு அதே மெடுல்லா வழியாக இறங்கும் சேகரிப்பு நாளம். மேலேறும் தடித்த பகுதியைக் கொஞ்சம் பருமனாக வரைந்து, ‘உப்பு வெளியே, நீர் இல்லை’ என்று பக்கத்தில் எழுதிவிட்டால் இந்தத் தவறு பிறகு வராது. எல்லா நெஃப்ரான்களிலும் வளைவு இவ்வளவு ஆழமாக இறங்காது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். பெரும்பான்மை நெஃப்ரான்களின் வளைவு குட்டையானது.

சேய்மைச் சுருண்ட நுண்குழலைப் பலர் தாளின் வலது ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். மேலேறிவரும் குழல் தான் புறப்பட்ட அதே கிளாமருலஸின் அருகே, உட்செல், வெளிச்செல் நுண்தமனிகளுக்கு இடையில் உரசிக்கொண்டு போக வேண்டும். வடிகட்டும் வேகத்தைச் சரிபார்க்கும் அமைப்பு அந்தத் தொடுமிடத்தில்தான் இருக்கிறது. சேகரிப்பு நாளத்தை வரையும்போது இன்னொரு நெஃப்ரானின் குழலும் அதில் வந்து சேர்வதாக ஒரு சிறு கிளை காட்டுங்கள். அது பல நெஃப்ரான்களுக்குப் பொதுவானது. நெஃப்ரானின் பகுதியாக அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசியாக, விளக்கத்தில் மட்டும் வரும் ஒரு பிழை: ‘தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீரகம் குறைவாக வடிகட்டும், அதனால் சிறுநீர் குறையும்.’ கத்திரி வெயிலில் மெரினா மணலில் மதியம் முழுக்க கிரிக்கெட் ஆடிவிட்டு வரும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். வியர்வையில் நீர் போய்விட்டது. வீட்டுக்கு வந்து போகும் சிறுநீர் கொஞ்சம், நிறம் அடர் மஞ்சள். மயக்கம் வருமளவு நீரிழப்பு இல்லாதவரை, அவன் கிளாமருலஸ்கள் கிட்டத்தட்ட வழக்கம்போலவே வடிகட்டிக்கொண்டிருக்கும். மாறியது வேறிடம். ரத்தம் சற்றே செறிந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் அதை உணர்கிறது, பிட்யூட்டரியிலிருந்து ஏடிஎச் ஹார்மோன் வெளியாகிறது, சேகரிப்பு நாளத்தின் சுவரில் நீர் போகும் வழிகள் கூடுகின்றன. சுற்றியுள்ள உப்பு மெடுல்லா நீரை இழுத்துக்கொள்கிறது. வழக்கமான நாளில் 36 லிட்டரில் ஒன்றரை லிட்டர் போல மிஞ்சும். இவனுக்கு அதைவிடக் குறையும்.

எவ்வளவு வரை குறையலாம்? ஒரு நாளில் வெளியேற்றியே ஆக வேண்டிய கரைபொருள் சுமார் 600 மில்லிஆஸ்மோல். அதிகபட்ச அடர்த்தி லிட்டருக்கு 1200. வகுத்தால் அரை லிட்டர். எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் நாளொன்றுக்கு அந்த அரை லிட்டர் நீர் போயே தீரும். மறுபுறம், ஏடிஎச் சுரக்காத நோயில் இதே 36 லிட்டரில் பெரும்பகுதி திரும்ப வராமல், நாளுக்கு 20 லிட்டர் வரைகூடச் சிறுநீர் போகலாம். ஏடிஎச் என்ற அம்புக்குறியை ஹென்லே வளைவுக்கு நேராகப் போட்டிருந்தால் அழித்துவிட்டு, சேய்மைக் குழலின் கடைசிப் பகுதிக்கும் சேகரிப்பு நாளத்துக்கும் மாற்றுங்கள்.

நோட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். பாகங்களின் பெயர்களை ஒரு தாளால் மறைத்துவிட்டு, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை விரலால் நடத்திப் பாருங்கள். உட்செல் நுண்தமனியில் நுழைந்து, கிண்ணத்தில் விழுந்து, அண்மைக் குழலில் சுவரைத் தாண்டி, தந்துகி வலைக்குள் ஏறிச் சிரைக்குப் போக வேண்டும். எங்கேயாவது விரல் தடுக்கினால் அங்கே ஒரு குழாய் விட்டுப்போயிருக்கிறது. அடுத்து நீரை நடத்துங்கள். அண்மைக் குழலின் முடிவில் 300, வளைவின் அடியில் 1200, மேலேறி முடிந்ததும் 100 என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். சேகரிப்பு நாளத்தின் அடியில் எழுத வேண்டியது ஒற்றை எண் அல்ல. ஏடிஎச் அளவைப் பொறுத்து அது 50 முதல் 1200 வரை எதுவாகவும் இருக்கலாம்.