ஒரு மேசை, மூன்று அடுப்பு: சிறிய கடைக்கு ஆர்டர் செயலி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் 12 மேசை போட்ட ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். முன்னால் ரொட்டிக்கல், அதற்குப் பக்கத்தில் தண்ணி கலக்கும் இடம், பின்கட்டில் மீ கோரெங் போடும் சட்டி. 7ஆம் மேசையில் இருவர் உட்கார்ந்து கைப்பேசியில் ஆர்டர் கொடுக்கிறார்கள்: ரொட்டி தெலூர் 2, முட்டை போடாத மீ கோரெங் 1, தே தாரிக் 2. தேயில் ஒன்றுக்குச் சீனி குறைவு. ரொட்டி வந்த பிறகு இன்னொரு ரொட்டி தெலூர் கேட்கிறார்கள்.

மலேசியாவில் எந்தக் கடையிலும் ஒரு மணி நேரத்தில் பத்து முறை நடக்கிற காரியம் இது. சிறிய கடைகளுக்காக எழுதப்படும் செயலிகள் பல இந்த ஒரு மேசையிலேயே தடுக்கி விழுகின்றன.

ஆர்டருக்கு ஒரே நிலை வைப்பது

முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கும் தாய். ஆர்டர் என்று ஒரு அட்டவணை, அதில் நிலை என்று ஒரு கட்டம்: வந்தது, சமைக்கிறது, தயார், கொடுத்தாச்சு. தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 7ஆம் மேசையின் தே இரண்டே நிமிடத்தில் ஆறத் தொடங்குகிறது. மீ கோரெங்குக்கு முன்னால் சட்டியில் நான்கு தட்டு காத்திருக்கிறது. இப்போது அந்த ஆர்டரின் நிலை என்ன? தண்ணி கலக்குபவர் 'தயார்' என்று அழுத்தினால் மீ கோரெங் திரையிலிருந்து மறைந்துவிடும். அழுத்தாமல் விட்டால் தே எடுக்க யாரும் வரமாட்டார்கள். இரண்டு நாளில் ஆட்கள் பொத்தானைத் தொடுவதையே விட்டுவிடுவார்கள். பழையபடி சத்தம் போட்டுச் சொல்வார்கள்.

அடுப்பங்கரையில் வேலை நடப்பது தட்டுக் கணக்கில். ஆகவே நிலையும் தட்டுக்குத்தான் இருக்க வேண்டும். ரொட்டி தெலூர் இரண்டு என்றால் எண்ணிக்கை 2 என்று ஒரு வரி எழுதாமல், இரண்டு வரியாகவே எழுதுங்கள். ஒன்று கல்லிலிருந்து இறங்கி, மற்றது இன்னும் மாவாக இருக்கும் நேரம் நிச்சயம் வரும். திரையில் காட்டும்போது ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து 2 என்று காட்டிக்கொள்ளலாம்.

```sql
CREATE TABLE order_item (
  id           INTEGER PRIMARY KEY,
  order_id     INTEGER NOT NULL,
  round_no     INTEGER NOT NULL,
  station      TEXT NOT NULL,
  kitchen_name TEXT NOT NULL,
  options      TEXT NOT NULL,
  price_sen    INTEGER NOT NULL,
  status       TEXT NOT NULL DEFAULT 'queued'
);
```

`station` கட்டம்தான் தேயைத் தண்ணி கலக்கும் இடத்துக்கும், ரொட்டியைக் கல்லுக்கும், மீ கோரெங்கைச் சட்டிக்கும் பிரித்து அனுப்புகிறது. `round_no` எத்தனையாவது முறை கேட்டது என்பதைச் சொல்கிறது. பின்னால் கேட்ட ரொட்டிக்கு அது 2. பழைய ஆர்டரைத் திருத்தி 2 என்பதை 3 ஆக்கினால் கல்லில் நிற்பவர் அந்த மாற்றத்தைக் கவனிக்கவே மாட்டார். அவர் மனத்தில் 7ஆம் மேசை முடிந்த கணக்கு. கூடுதலாகக் கேட்டது எப்போதும் புதுச் சீட்டாக, வரிசையின் கடைசியில், அதே மேசை எண்ணோடு வர வேண்டும்.

ஆர்டர் முழுவதற்குமான நிலையைத் தனியாக எங்கும் எழுதி வைக்காதீர்கள். தட்டுகளின் நிலையிலிருந்து கணக்கிட்டுக் காட்டுங்கள். இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டும் ஒரு நாள் வேறு வேறு கதை சொல்லும்.

இதே இடத்தில் ஒளிந்திருக்கும் இன்னொரு சிக்கல் ரத்து. வாடிக்கையாளர் 'வேண்டாம்' என்று அழுத்தும் அதே நொடியில் சமையல்காரர் 'தொடங்கு' என்று அழுத்துகிறார். யார் சொல்வது செல்லும்? நிலையை மாற்றும் கட்டளையிலேயே பழைய நிலையையும் கேட்டுவிட்டால் குழப்பம் இல்லை:

```sql
UPDATE order_item SET status = 'cooking'
WHERE id = 418 AND status = 'queued';
```

ஒரு வரியும் மாறவில்லை என்று பதில் வந்தால் ரத்து முந்திக்கொண்டது என்று பொருள். திரை உடனே அதைக் காட்ட வேண்டும். ரத்துக்கும் இதே வழிதான். சமைக்கத் தொடங்கிய பிறகு ரத்து செய்யும் உரிமை கல்லாவில் இருப்பவருக்கு மட்டும் இருக்கட்டும்.

மெனுவை அச்சடித்த அட்டை மாதிரியே எழுதுவது

அட்டையில் ரொட்டி கோசோங், ரொட்டி தெலூர், ரொட்டி பாவாங், ரொட்டி தெலூர் பாவாங் என்று வரிசையாக இருக்கும். அதை அப்படியே எடுத்துச் செயலியில் போட்டால், 'சீனி குறைவு', 'ஐஸ் போட்டது', 'பால் இல்லாமல்' என்று தேயிலேயே இருபது வரி வளரும். வாடிக்கையாளர் விரலால் தள்ளித் தள்ளிக் களைத்துப் போவார். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் ஒரு குறிப்புப் பெட்டியில் எழுதச் சொல்வது அதைவிட மோசம். ஒருவர் தமிழில் எழுதுவார், ஒருவர் மலாயில், ஒருவர் சீனத்தில். சட்டிக்கு முன் நிற்பவர் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவரால் அதைப் படிக்க முடியாது.

அடிக்கடி கேட்கப்படும் மாற்றங்களைத் தேர்வுகளாகப் பிரித்து வையுங்கள்: இனிப்புக்கு ஒன்று, சூடா ஐஸா என்பதற்கு ஒன்று, முட்டை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர் தேவை. வாடிக்கையாளர் பார்ப்பது அவர் மொழியில். சமையல் திரையில் தெரிவது கடை ஆட்கள் ஏற்கெனவே சீட்டில் எழுதும் சொல்லில். `ROTI TELUR`, `KURANG MANIS`, `TAK NAK TELUR` என்று பெரிய எழுத்தில் வந்தால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கடையின் பழைய சீட்டுகள் ஒரு வாரத்துக்கு உரியவற்றை வாங்கிப் பார்த்தால் எந்தத் தேர்வுகள் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஒவ்வாமை போன்ற காரியங்களுக்குக் குறிப்புப் பெட்டி இருக்கத்தான் வேண்டும். ஆனால் அப்படிக் குறிப்பு வந்த தட்டு திரையில் வேறு நிறத்தில் நின்று கண்ணைப் பிடிக்க வேண்டும்.

விலையையும் பெயரையும் ஆர்டர் வரியிலேயே நகலெடுத்து வைப்பதைப் பலர் தேவையற்றது என்று தள்ளிவிடுகிறார்கள். மெனுவைச் சுட்டும் எண்ணை மட்டும் வைத்தால், நாளை விலை ஏறும்போது நேற்றைய ரசீதிலும் விலை ஏறிவிடும். மேலே `price_sen` இருப்பது அதற்காகத்தான்.

சமையல் திரையைக் கைப்பேசித் திரை போல வரைவது

சமையல் திரையை இரண்டு மீட்டர் தள்ளி நின்று, நீராவிக்கு நடுவே, கையில் எண்ணெயோடு பார்ப்பார்கள். மேசை எண், தட்டின் பெயர், தேர்வுகள், எத்தனை நிமிடம் ஆயிற்று: இந்த நான்கும் போதும். வாடிக்கையாளர் பெயர், விலை, படம் எதுவும் அங்கே வேண்டாம். ஒரே வேலை செய்யும் ஒரு பெரிய பொத்தான் ஒவ்வொரு சீட்டிலும் இருக்கட்டும். எண்ணெய் விரல் தவறாகப் படும் என்பதால், அழுத்திய சீட்டு உடனே மறையாமல் பத்து நொடி மங்கலாக நின்று, திரும்பத் தொட்டால் பழைய நிலைக்கு வர வேண்டும்.

இதையெல்லாம்விட ஆபத்தானது வெற்றுத் திரை. ஆர்டர் ஒன்றும் இல்லாவிட்டாலும் திரை வெறுமையாக இருக்கும். இணையம் அறுந்துபோனாலும் அதே வெறுமைதான். சமையல்காரர் கூட்டமில்லை என்று நினைத்து உட்கார்ந்திருப்பார், வெளியே எட்டு மேசை காத்திருக்கும். திரையின் மூலையில் கடைசியாகச் செய்தி கிடைத்த நேரம் எப்போதும் தெரிய வேண்டும். 20 நொடி பதில் இல்லாவிட்டால் திரை முழுவதும் சிவப்பாக வேண்டும். இவ்வளவு சிறிய கடைக்கு 4 நொடிக்கு ஒருமுறை சேவையகத்தைக் கேட்டாலே போதும். வெப்சாக்கெட் வேகமானதுதான், ஆனால் அது சத்தமில்லாமல் அறுந்து கிடக்கக்கூடியது. அதைக் கண்டுபிடிக்கத் தனி வேலை செய்ய வேண்டியிருக்கும்.

திரை தூங்கிவிடாமல் இருக்க `navigator.wakeLock` உண்டு. அது HTTPS முகவரியில் மட்டுமே வேலை செய்யும். வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்பினால் மறுபடி கேட்டுப் பெற வேண்டும். மணி ஒலியும் அப்படித்தான்: யாராவது ஒருமுறை திரையைத் தொடும்வரை உலாவி ஒலியைத் தடுத்து வைக்கலாம். காலையில் அழுத்த 'வேலை தொடக்கம்' என்று ஒரு பொத்தான் வைத்து, அதிலேயே `wakeLock`ஐக் கேட்டுப் பெற்று, மணியையும் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். பக்கம் திரும்பத் தெரியும்போது `wakeLock`ஐ மட்டும் மறுபடி கேளுங்கள்.

இரட்டை ஆர்டர்

ஐந்தடிக்குள் சிக்னல் மறையும் பழைய கடைவீட்டில், வாடிக்கையாளர் 'அனுப்பு' என்று அழுத்துகிறார். ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் திரும்பவில்லை. மறுபடி அழுத்துகிறார். மீ கோரெங் இரண்டு வருகிறது. பொத்தானை மங்கலாக்குவது மட்டும் இதற்கு மருந்தாகாது. அவர் பக்கத்தையே புதுப்பித்துவிடுவார்.

கூடையில் முதல் தட்டு விழும்போதே `crypto.randomUUID()` கொண்டு ஒரு சாவியை உண்டாக்கிக் கைப்பேசியில் சேமியுங்கள். ஆர்டருடன் அதையும் அனுப்பி, ஆர்டர் அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு `UNIQUE` போடுங்கள். அதே சாவி மறுபடி வந்தால் புது ஆர்டர் எழுதாமல் பழையதையே பதிலாகத் தர வேண்டும். 'அனுப்பு' அழுத்தும் ஒவ்வொரு முறையும் சாவியை உண்டாக்குவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது ஒவ்வொரு அழுத்தலும் புது ஆர்டராகவே தெரியும். ஆர்டர் உறுதியான பிறகே சாவியை அழிக்க வேண்டும்.

ஐந்து சென்னில் பிசகும் கணக்கு

பணத்தைப் பின்னமாக வைக்காமல் சென் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கப் பில்லின் கூட்டுத்தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறோம். அது பில்லின் கடைசியில் ஒருமுறை செய்ய வேண்டியது. தட்டுக்குத் தட்டுச் செய்தால் கணக்கு மாறும்.

7ஆம் மேசையைப் போட்டுப் பார்ப்போம். ரொட்டி தெலூர் RM 2.80 வீதம் 3, மீ கோரெங் RM 8.00, தே RM 2.50 வீதம் 2 என்று வைத்தால் மொத்தம் RM 21.40. கடை சேவை வரிக்குப் பதிந்திருந்தால் 6 விழுக்காடு சேரும்: RM 1.28. கூட்டினால் RM 22.68, ரொக்கத்துக்கு RM 22.70. ஒவ்வொரு தட்டுக்கும் வரி சேர்த்து அங்கேயே சரிசெய்தால் ரொட்டி RM 2.95, மீ கோரெங் RM 8.50, தே RM 2.65 என்றாகி மொத்தம் RM 22.65 வரும். இரவு கல்லாவை எண்ணும்போது இந்த ஐந்து சென்கள்தான் சேர்ந்து, எங்கே குறைந்தது என்று தேட வைக்கும். சரிசெய்த தொகையை ரசீதில் தனி வரியாகக் காட்டுங்கள். வாடிக்கையாளர் டூயிட்நவ் கியூஆரில் கட்டினால் அந்த வரி இல்லாமல் RM 22.68 என்றே கேட்கலாம்.

சீட்டு எண் தினமும் 1இலிருந்து தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தால், நள்ளிரவில் தொடங்க விடாதீர்கள். விடிய விடியத் திறந்திருக்கும் கடையில் 12 மணிக்கு 1ஆம் எண் வரும்போது, அதற்கு முன் பெரிய எண் வாங்கியவர்கள் இன்னும் பில் கட்டாமல் உட்கார்ந்திருக்கலாம், வரிசை குழம்பும். கூட்டம் குறைந்த நேரம் எது என்று கடைக்காரரைக் கேட்டு, காலை 5 மணி போல ஒரு நேரத்தில் எண்ணையும் அன்றைய கணக்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.