வெற்றிலைக் கறை: சோப்புக்கு முன்னால் எலுமிச்சை

கல்யாண சீசன் முடிந்ததும் எங்கள் கோபிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் வேட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு, திண்ணைப் படியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அப்பாரு இருக்கும் வீடென்றால் சுவரிலும் இருக்கும். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆனால் காரணம் ஒன்றுதான்.

வெற்றிலையை மட்டும் மென்றால் வாய் சிவக்காது. பாக்கில் இருக்கும் துவர்ப்புச் சத்து சுண்ணாம்பின் காரத்தோடு சேரும்போதுதான் அந்தச் சிவப்பு வருகிறது. சோப்பும் காரம்தான். மஞ்சள் கறையில் சோப்பைத் தேய்த்தால் குப்பென்று சிவக்குமே, அதே போல இங்கும் கறை இன்னும் கருஞ்சிவப்பாகிவிடும். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கறையைக் கண்டதும் கை சோப்புக்குப் போகிறது. முதலில் புளிப்பு, கடைசியில் சோப்பு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வெள்ளை வேட்டி, சட்டை

ஒட்டியிருக்கும் பாக்குத் துணுக்கை உதறிவிட்டு, துணியின் பின்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரைக் குழாயில் ஓட விடுங்கள். வெந்நீர் கூடாது. கறை போகும் வரை இஸ்திரிப் பெட்டியும் கூடாது.

அடுத்து, ஒரு எலுமிச்சம் பழச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து கறை மேல் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். செங்கல் நிறம் மெல்ல இறங்கிப் பழுப்பு மஞ்சளாக மாறும். மாறினால் புளிப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் இன்னொரு முறை ஊற்றுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள்.

மிஞ்சும் மஞ்சளுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் என் தேர்வு. பாட்டிலில் 6% என்றிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து, கறையை நனைத்து, நிழலில் அரை மணி நேரம் ஈரம் காயாமல் வையுங்கள். திறந்து நாளான பாட்டில் வீரியம் இழந்திருக்கும். நறுக்கிய உருளைக்கிழங்கின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் நல்லது, நுரைக்காவிட்டால் வெறும் தண்ணீர். இதற்கெல்லாம் பிறகுதான் வழக்கமான சோப்பு. ஜரிகைக் கரையில் எலுமிச்சையும் பெராக்சைடும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறுத்துவிடும். பட்டு என்றால் கையை வைக்காமல் சலவைக்குக் கொடுத்துவிடுவதே மேல்.

கல் படி

முதலில் என்ன கல் என்று பாருங்கள். கருங்கல் எலுமிச்சையைத் தாங்கும். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. புளிப்புப் பட்டால் பளபளப்பு போய் வெளிறிய தடம் விழும். அதில் நேராகப் பெராக்சைடுக்குப் போய்விடுங்கள்.

கல்லில் கறை மேலே மட்டும் நிற்பதில்லை, நுண்துளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் எவ்வளவு தேய்த்தாலும் பயன் குறைவு. உள்ளிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். மைதா மாவில் 6% பெராக்சைடைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி, இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, கறை மேல் கால் அங்குலக் கனத்துக்கு அப்புங்கள். கையுறை அவசியம். மேலே பாலித்தீன் தாள் போர்த்தி, ஓரங்களை டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு மாவு முழுக்கக் காயும் வரை காத்திருங்கள். காயும்போதுதான் கறை மேலே ஏறி மாவுக்குள் வருகிறது. மரக்கரண்டியால் சுரண்டிக் கழுவுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும்.

இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். பாக்கின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். கழிவறை ஆசிடும் வேண்டாம், கருங்கல்லைக் கூட மஞ்சளாக்கிவிடும். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். ஒன்றன் பின் ஒன்றாக ஊற்றுவதும் அதே ஆபத்துதான்.

சுவர்

பெயின்ட் அடித்த சுவரென்றால் பெராக்சைடில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒற்றி வைத்துத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். தொல்லை சுண்ணாம்பு அடித்த சுவரில்தான். கறை மேலேயே மீண்டும் வெள்ளையடிப்பார்கள். காய்ந்ததும் சிவப்பு எட்டிப் பார்க்கும். புதுச் சுண்ணாம்பின் காரம் கறையை மறுபடி எழுப்பி, ஈரத்தோடு மேலே இழுத்து வருகிறது. கறை பட்ட இடத்தில் பழைய சுண்ணாம்பைப் பூச்சு தெரியும் வரை சுரண்டி எடுத்து, ஆயில் பிரைமர் ஒரு கை அடித்துக் காயவிட்டு, அதன் மேல் பெயின்ட் அடிப்பதே வழி. பிரைமர் மேல் சுண்ணாம்பு ஒட்டாது.

பிற்சேர்க்கை: திருப்பூரிலிருந்து ஒரு வாசகி, நீல பனியன் துணியில் பெராக்சைடு விட்டுச் சாயம் வெளுத்ததாக எழுதியிருந்தார். சாயத் துணிக்கு முதலில் உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெளுத்தால் எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொருவருக்குக் கறை சிவப்பிலிருந்து கறுப்பானதாம். விசாரித்தால், துரு நிறத்தில் வரும் போர்வெல் தண்ணீரில் அலசியிருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் இந்த ஒரு வேலைக்காவது குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள்.