கல்யாண வாழ்த்தை ரஷ்யனில் சொல்லும்போது எங்கே சறுக்கும்?

ஒரு ரஷ்யக் கல்யாண விருந்தை மனதில் கொண்டுவாருங்கள். மேசை நிறைய சாலட்டும் மீனும். விருந்தை நடத்திச் செல்லும் ‘தமதா’ ஒவ்வொருவராகப் பேச அழைக்கிறார். மணமகள் ஆன்யா அந்த ஊர்ப் பெண். மணமகன் டேவிட் இங்கிலாந்துக்காரர். அவருடைய அக்கா ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கும் வாழ்த்தை ரஷ்யனுக்குக் கொண்டுவர வேண்டும். எடுத்துக்காட்டுக்காக நானே கட்டியது இந்த உரை. அதன் சாரம்:

“லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன், என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நான் டேவிடின் அக்கா. எட்டு வயதில் இவன் என் சைக்கிளை ஆற்றில் தள்ளிவிட்டான். இருபது வருஷமாக மன்னிப்பு கேட்கவில்லை. ஆன்யாவைச் சந்தித்த ஒரு மாதத்தில் போன் செய்து சாரி என்றான். ஆன்யா, நீ இவனை நல்ல மனுஷனாக்கிவிட்டாய். எல்லோரும் கோப்பையை உயர்த்துங்கள். ஆன்யாவுக்கும் டேவிடுக்கும்!”

நல்ல உரைதான். இதை வரிக்கு வரி மாற்றினால் இலக்கணம் சரியாகவே இருக்கும், ஆனால் மேசையில் ஓர் அசைவும் இருக்காது.

மொழிபெயர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு முதல் வரியிலிருந்து தொடங்குவது. ஆங்கில வாழ்த்தின் உயிர் நடுவில் வரும் கதையில் இருக்கிறது. கோப்பையை உயர்த்தும் வரி அங்கே வெறும் முடிவுக்குறி. ரஷ்ய வாழ்த்து தலைகீழ். கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பதே கடைசியில் ஓர் ஆசியாகத் திரும்பி வர வேண்டும். ‘பூஸ்த்’ (அப்படி ஆகட்டும்) என்றோ, ‘ஜெலாயெம் வாம்’ (உங்களுக்கு வேண்டுகிறோம்) என்றோ ஒரு வாக்கியம் வரும் என்று மேசையே காத்திருக்கும். அது வந்த பிறகுதான் கை கோப்பைக்குப் போகும். வராவிட்டால் பேச்சு முடிந்ததா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள்.

நம் உரையில் அந்த ஆசி இல்லவே இல்லை. அதனால் அக்காவிடம் கேட்டுவிட்டு, சைக்கிள் கதையிலிருந்தே ஒன்றை எடுக்கலாம்: “பூஸ்த் வ் வாஷெம் தோமே ஸ்ஸோரா நே தஜிவாயெத் தா வேச்சிரா.” உங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் சாயங்காலம் வரை உயிரோடு இருக்க வேண்டாம் என்று பொருள். இருபது வருஷம் மன்னிப்பு கேட்காத தம்பிக்கு இதைவிடப் பொருத்தமான ஆசி கிடைக்காது. சொந்த வரி எதுவும் அமையவில்லையா? ‘ஸவ்யேத் தா லியுபோஃப்’ என்ற பழைய வாழ்த்து இருக்கவே இருக்கிறது. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. அகராதியைப் பார்த்து ‘அறிவுரையும் காதலும்’ என்று புரிந்துகொள்வார்கள். இந்த வாழ்த்தில் ‘ஸவ்யேத்’ ஒற்றுமை என்ற பழைய பொருளில் நிற்கிறது. ‘தா’ இங்கே ‘ஆமாம்’ அல்ல, ‘உம்’.

அடுத்தது ‘டு ஆன்யா அண்ட் டேவிட்’. ஆங்கில ‘டு’வை நேராக மாற்றினால் ஆன்யாவை நோக்கி நடந்து போவது போல ஆகிவிடும். ரஷ்யனில் அது ‘ஸா’. அதன் பின்னே பெயர் இரண்டாம் வேற்றுமையில் வரும்: “ஸா ஆன்யூ இ டேவிடா!” பெயரை அப்படியே விட்டால் மொழி தெரியாதவர் பேசியதாகக் காதில் விழும். மணமகள் வெளிநாட்டுக்காரியாக இருந்து, பெயர் கேத்ரின் மாதிரி மெய்யெழுத்தில் முடிந்தால் அது மாறாது, ‘ஸா கேத்ரின்’தான். குழப்பமாக இருந்தால் ‘ஸா வாஸ்!’ (உங்களுக்காக) என்று முடித்துவிடுங்கள். எதிரே நிற்பவர்களிடமே பேசுவதால் அது இன்னும் நெருக்கமாகவும் இருக்கும்.

இந்த இடத்தில் ‘நா ஸ்தரோவ்யே’ என்று சொல்லலாமா என்று யாராவது கேட்பார்கள். வெளிநாட்டார் எல்லோரும் இதைத்தான் ரஷ்ய வாழ்த்து என்று நினைக்கிறார்கள். சாப்பாட்டுக்கு நன்றி சொன்னவரிடம் வீட்டுக்காரம்மா பதிலுக்குச் சொல்வது அது. கல்யாண மேடையில் சொன்னால் எல்லோரும் அன்பாகச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

விளிப்பில் தமிழருக்குக் கொஞ்சம் அனுகூலம். ஆங்கில ‘யூ’ நீயா, நீங்களா என்று சொல்லாது. ரஷ்யனில் ‘தி’, ‘வி’ என்று பிரித்தே ஆக வேண்டும். ஆன்யாவைத் தனியாக அழைக்கும் வரியில் ‘தி’, இருவரையும் சேர்த்து வாழ்த்தும் வரியில் ‘வி’. ஆன்யாவின் அப்பாவைக் குறிப்பிட நேர்ந்தால் ‘மிஸ்டர்’ என்பதற்கு ஈடாக ‘கஸ்பதீன்’ போட வேண்டாம், ஏதோ அலுவலகக் கடிதம் போல ஆகிவிடும். பெயரும் தந்தைவழிப் பெயரும் சேர்த்து ‘விக்தர் பாவ்லவிச்’ என்பதுதான் மரியாதை. அதை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஊகிக்க முடியாது. ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன்’ என்பதையும் ‘தாமி இ கஸ்பதா’ என்று மாற்றினால் மேடை நிகழ்ச்சித் தொகுப்பாளர் குரல் வந்துவிடும். ‘தரகீயே ஆன்யா இ டேவிட்’, அன்பான ஆன்யா, டேவிட் என்று நேரே அவர்களிடமே தொடங்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தமிழ் நமக்குக் கைகொடுக்காது. நாம் இரு பக்கத்து அம்மாவையும் மாமியார் என்போம். ரஷ்யனில் கணவனின் அம்மா ‘ஸ்விக்ரோஃப்’, மனைவியின் அம்மா ‘த்யோஷா’. மாமியார் ஜோக் ஒன்று உரையில் இருந்தால், இரண்டில் எவர் என்பதை எழுதியவரிடமே கேளுங்கள். அங்கே புழங்கும் மாமியார் ஜோக்குகள் பெரும்பாலும் த்யோஷாவைப் பற்றியவை. மாற்றிப்போட்டால் அந்த அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

பேசுபவர் பெண் என்பதும் வினையில் தெரிய வேண்டும். ‘நான் மன்னித்தேன்’ என்பது அக்கா சொன்னால் ‘யா பிரஸ்தீலா’, தம்பி சொன்னால் ‘யா பிரஸ்தீல்’. ‘மகிழ்ச்சி’ என்பதும் அப்படியே, பெண்ணுக்கு ‘ராதா’, ஆணுக்கு ‘ராத்’. எழுதியவர் பெயரைப் பார்க்காமல் மொழிபெயர்த்து, மேடையில் அக்கா ஆண்பாலில் பேசினால் முதல் சிரிப்பு தப்பான இடத்தில் வரும்.

இனி ஓசை. சைக்கிள் வரியை ‘என் சைக்கிளை ஆற்றுக்குள் தள்ளிவிட்டான்’ என்று நீட்ட வேண்டாம். ரஷ்யனில் ‘உதபீல்’ (மூழ்கடித்தான்) என்ற ஒரே வினை போதும்: “உதபீல் மோய் விலஸிபேத்.” சைக்கிள் கடைசியில் விழுவதால் சிரிப்பும் அங்கேயே விழும். தொலைபேசி வரியிலும் அப்படித்தான், ‘பிரஸ்தீ’ என்ற சொல் கடைசியில் நிற்க வேண்டும். ‘இஸ்வினீ’ என்பதும் மன்னிப்புதான், ஆனால் பேருந்தில் காலை மிதித்தாலும் அதைத்தான் சொல்வார்கள். இருபது வருஷக் கடனுக்கு ‘பிரஸ்தீ’தான் கனமான சொல்.

கடைசியாக ‘கோர்க்கா!’ கசக்கிறது என்று பொருள். கோப்பையில் இருப்பது கசக்கிறது, மணமக்கள் முத்தமிட்டால்தான் இனிக்கும் என்பது வழக்கு. ஆங்கில உரையில் இதற்கு இடமே இருக்காது, மொழிபெயர்ப்பவர்தான் ஒதுக்க வேண்டும். ஆசி, ‘ஸா வாஸ்!’, ‘கோர்க்கா!’ என்ற வரிசையில் முடியுங்கள், அதற்குப் பின் நன்றி வரி எதுவும் வேண்டாம். மேடையில் அக்கா ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்பவர் ரஷ்யனிலுமாக மாறி மாறிப் பேசினாலும், இந்தக் கடைசி இரண்டை மட்டும் அக்காவையே சொல்லச் செய்யுங்கள். அழுத்தம் ‘கோர்’ மேல். முந்தைய நாள் நாலு தடவை சொல்லிப் பார்த்தால் போதும். அவர் சொன்னதும் மேசை முழுக்க அதைப் பிடித்துக்கொள்ளும், மணமக்கள் எழுந்து நிற்பார்கள், விருந்தினர்கள் “ராஸ், த்வா, த்ரி” என்று சத்தமாக எண்ணத் தொடங்குவார்கள்.