பிரிவைச் சொல்லும் மெசேஜில் நம்பிக்கை எங்கே ஒளிந்துகொள்கிறது

பிரிந்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. நேரில் சந்திக்க வழியில்லை, அதனால் மெசேஜில்தான் சொல்லியாக வேண்டும். அப்போது பெரும்பாலானவர்கள் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இப்போ எனக்கு வேலை டென்ஷன் ஜாஸ்தி. கொஞ்ச நாள் பேசாம இருந்தா நல்லதுன்னு தோணுது. நீயும் எப்பப் பாரு சண்டை போடுற, என்னைப் புரிஞ்சுக்கவே மாட்டேங்குற. உன் மேல தப்பில்ல, நான்தான் சரியில்ல. உனக்கு என்னைவிட நல்லவங்க கிடைப்பாங்க. பின்னாடி என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்? எப்பவும் ஃப்ரெண்ட்ஸா இருப்போம்."

எழுதியவருக்கு இது பிரிவுச் செய்தி. வாங்கியவருக்கு அப்படித் தெரியாது. அவர் ஒவ்வொரு வரியையும் பத்து முறை படிப்பார், எதையாவது பிடித்துக்கொள்ள முடியுமா என்று தேடுவார். வேலை டென்ஷன் என்றால், "சரி, டென்ஷன் குறையட்டும், காத்திருக்கேன்" என்பார். சண்டை போடுகிறாய் என்றால், "இனிமே போட மாட்டேன்" என்பார். 'கொஞ்ச நாள்' என்றால் நாளை எண்ணத் தொடங்குவார். 'யாருக்குத் தெரியும்' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

அனுப்புவதற்கு முன் செய்யக்கூடிய சோதனை இதிலிருந்தே கிடைக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரி, மாத்திக்கறேன்" என்றோ "சரி, காத்திருக்கேன்" என்றோ பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த வாக்கியம் போக வேண்டும், அல்லது மாற வேண்டும்.

குற்றச்சாட்டு வேறு விதமாகக் கெடுக்கும். 'எப்பப் பாரு', 'புரிஞ்சுக்கவே மாட்டேங்குற' போன்ற வார்த்தைகளைப் படித்தவுடன் எதிரில் இருப்பவர், அப்படி இல்லாத நாட்களைப் பட்டியல் போடுவார். பேச்சு பிரிவை விட்டுவிட்டு, யார் சரி என்ற விவாதத்துக்குப் போய்விடும். அடுத்த வரியிலேயே 'உன் மேல தப்பில்ல' என்று வந்தால் இரண்டில் எதை நம்புவது? 'நல்லவங்க கிடைப்பாங்க' என்பதும் ஆறுதலாகத்தான் எழுதப்படுகிறது. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வேறு யாரும் வேண்டியதில்லை, அதனால் அது வலிக்கத்தான் செய்யும்.

அதே செய்தியை நான் இப்படி எழுதுவேன்:

"உன்கிட்ட ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும். நம்ம உறவை நான் இதோட முடிச்சுக்கறேன். நிறைய யோசிச்சு எடுத்த முடிவு, மாறாது. உன்மேல எனக்கு இருந்த காதல் இப்ப இல்ல. நீ எதையும் மாத்திக்கறதால அது திரும்பி வராது. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீ தினமும் ராத்திரி போன் பண்ணி பேசினது எனக்குப் பெரிய துணையா இருந்துச்சு, அதுக்கு நன்றி. உன் புத்தகங்களையும் சாவியையும் இந்த சனிக்கிழமை அனுப்பிடறேன். ஏதாவது கேக்கணும்னா கேளு, ஒரு தடவை பதில் சொல்றேன். அதுக்கப்புறம் நான் பேச மாட்டேன்."

முடிவு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. 'நான் முடிச்சுக்கறேன்' என்பதுதான் சரி. 'முடிச்சுக்கலாமா', 'முடிச்சுக்கலாம்னு தோணுது' என்றெல்லாம் எழுதினால் அது யோசனை கேட்பதுபோல் ஆகிவிடும். எழுதக் கை வராத வரி 'காதல் இப்ப இல்ல' என்பதுதான். இது கொடூரமாக இருக்கிறதே என்று பலரும் டென்ஷன், வீட்டுச் சூழ்நிலை என்று வேறு காரணம் தேடுவார்கள். ஆனால் அவற்றையெல்லாம் சரிசெய்ய வழி சொல்ல முடியும், இதற்குச் சொல்ல முடியாது. உங்கள் உண்மையான காரணம் வேறாக இருந்தால், "இந்த உறவுல தொடர எனக்கு விருப்பமில்ல" என்றே எழுதலாம். பொய்க் காரணம் மட்டும் வேண்டாம், அது பின்னால் தெரியவரும்போது பிரிவைவிட அதிகமாகக் காயப்படுத்தும்.

கனிவு முழுவதும் அந்த ஆஸ்பத்திரி வரியில் இருக்கிறது. 'நீ ரொம்ப நல்லவ' என்பதை யாருக்கும் எழுதலாம், இதை அந்த ஒருவருக்கு மட்டும்தான் எழுத முடியும். ஒரு நினைவு போதும். மூன்று நான்கு நினைவுகளை அடுக்கினால் காதல் கடிதம் ஆகிவிடும். அது இறந்தகாலத்திலும் இருக்கட்டும். 'உன்னை ரொம்ப மிஸ் பண்ணுவேன்' என்று எழுதினால், 'அப்புறம் ஏன் போற?' என்றுதான் கேட்பார்.

நட்பைப் பற்றி ஒன்றும் எழுதாதீர்கள். அது பின்னால் தானாக அமையலாம், அமையாமலும் போகலாம். அன்றைக்குக் கொடுக்கும் வாக்கு, பேசிக்கொண்டே இருக்கலாம் என்ற அனுமதியாகத்தான் போய்ச்சேரும்.

எதிரில் இருப்பவர் மிரட்டுபவர், பின்தொடர்பவர் என்றால் மேலே சொன்ன கனிவும் பதிலும் தேவையில்லை. "இது முடிந்தது, இனி தொடர்புகொள்ளாதே" என்று இரண்டே வரி எழுதுங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள், வரும் மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

மற்றபடி, அவர் படித்துத் தனியாகத் தவிக்கும் நள்ளிரவிலோ, பரீட்சைக்கோ நேர்காணலுக்கோ கிளம்பும் காலையிலோ அனுப்ப வேண்டாம். பதில் வந்தால், சொன்னபடி ஒரு முறை பதில் சொல்லுங்கள், அதிலும் புதிய காரணம் எதுவும் சேர்க்காமல். இரண்டு வாரம் கழித்து 'எப்படி இருக்க?' என்று கேட்கத் தோன்றும், பிறந்தநாள் வாழ்த்து அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். அவர் மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.