பள்ளி விளையாட்டு விழா: செய்தி எழுதுவது எப்படி?

"உங்கள் பள்ளி விளையாட்டு விழா பற்றிப் பத்திரிகைச் செய்தி எழுதுக. இறந்தகாலமும் செயப்பாட்டுவினையும் இடம்பெற வேண்டும்." இந்த வீட்டுப்பாடத்துக்கு வரும் விடைகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி தொடங்கும்: "காலை 9 மணிக்குக் கொடி ஏற்றப்பட்டது. பிறகு இறைவணக்கம் பாடப்பட்டது. பிறகு வரவேற்புரை ஆற்றப்பட்டது." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது செய்தி இல்லை, நிகழ்ச்சி நிரல். யார் வென்றார் என்று தெரிந்துகொள்ள வாசகர் கடைசிப் பத்திவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாக எழுதிப் பார்ப்போம். விழாவில் நான்கு அணிகள். கடைசிப் போட்டியான 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்துக்கு முன் நீல அணி 62 புள்ளி, பச்சை அணி 60. முதலிடத்துக்கு 5 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3. நீல அணிதான் முதலில் ஓடி முடித்தது. ஆனால் கோல் மாற்ற வேண்டிய பகுதியைத் தாண்டிய பிறகே அதன் கடைசி வீராங்கனையின் கைக்குக் கோல் போனது. நடுவர்கள் அந்த அணியை நீக்கினார்கள். இரண்டாவதாக வந்த பச்சை அணி முதலிடத்துக்கு ஏறியது. 65 புள்ளியுடன் கோப்பையும் அதற்கே.

படி 1: கடைசியில் நடந்ததை முதலில் எழுதுங்கள்

விழா காலையிலிருந்து மாலைக்கு நகர்ந்தது. செய்தி அப்படி நகராது. முதல் வாக்கியத்தில் முடிவு வர வேண்டும். எங்கே, என்றைக்கு, ஏன் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லலாம். கொடியேற்றம் கடைசிப் பத்திக்குப் போகட்டும்.

படி 2: செய்தவர் முக்கியமா என்று கேளுங்கள்

செயப்பாட்டுவினை எங்கே வேண்டும் என்பதை இந்த ஒரு கேள்வியே சொல்லிவிடும். கோப்பையை மேடையில் எடுத்துக் கொடுத்தவர் யார் என்பது வாசகருக்கு அவ்வளவு முக்கியமில்லை என்றால் "கோப்பை வழங்கப்பட்டது" போதும். நீல அணியை நீக்கியது நடுவர்கள்தான் என்பது சொல்லாமலே தெரியும், ஆகவே "நீல அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது." ஆனால் ஓடியவள், தாண்டியவன், எறிந்தவள், இவர்கள்தான் செய்தியே. அங்கே செய்வினைதான் வேண்டும். "பச்சை அணியால் சாம்பியன் பட்டம் வெல்லப்பட்டது" என்று எழுதினால் வென்ற மகிழ்ச்சியே போய்விடுகிறது. வீட்டுப்பாடம் செயப்பாட்டுவினை கேட்கிறது என்பதற்காக எல்லா வாக்கியத்திலும் 'பட்டது' போட வேண்டியதில்லை. நான்கைந்து இடம் தாராளம்.

படி 3: 'எதை?' சோதனை

வினையோடு 'எதை?', 'யாரை?' என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால்தான் அதைச் செயப்பாட்டுவினை ஆக்க முடியும். நடத்தினார்கள். எதை? போட்டியை. ஆகவே "போட்டி நடத்தப்பட்டது." சரி. போட்டி நடைபெற்றது. எதை? விடையே இல்லை. ஆகவே "போட்டி நடைபெறப்பட்டது" என்று ஒரு சொல் கிடையாது. நான் திருத்தும் நோட்டுகளில் இந்தச் சொல் வராத வாரமே இல்லை. பத்திரிகை நடையாக ஒலிக்க வேண்டும் என்ற ஆசையில் 'பட்டது' தானாக ஒட்டிக்கொள்கிறது போலும்.

சோதனையில் தேறிய வினையை மாற்றுவது எளிது. 'வழங்க', 'அறிவிக்க', 'நடத்த' என்ற வடிவத்தோடு 'பட்டது' சேரும். நடுவில் 'ப்' மிகும்: வழங்கப்பட்டது, அறிவிக்கப்பட்டது, நடத்தப்பட்டது. 'எதை?' என்ற கேள்விக்கு விடையாக வந்த பெயர் 'ஐ' உருபை இழந்து எழுவாய் ஆகும். முடிவும் அந்த எழுவாயைப் பார்த்தே மாறும்: பரிசு வழங்கப்பட்டது, பரிசுகள் வழங்கப்பட்டன, தலைவி பாராட்டப்பட்டார். "பரிசுகள் வழங்கப்பட்டது" என்பதற்குச் சிவப்பு மை நிச்சயம்.

இன்னொரு பள்ளமும் உண்டு. "முதலிடம் பெற்ற மாணவி பதக்கம் வழங்கப்பட்டார்." இது ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்து எழுதியது. வழங்கியது எதை? பதக்கத்தை, மாணவியை அல்ல. ஆகவே எழுவாய் ஆவது பதக்கம்தான். மாணவி 'கு' உருபோடு அப்படியே இருப்பாள்: "மாணவிக்குப் பதக்கம் வழங்கப்பட்டது."

படி 4: காலம் வழுக்காமல் பாருங்கள்

ஓட்டத்தை விவரிக்கும்போது பலருக்கும் நேர்முக வர்ணனை தொற்றிக்கொள்ளும்: "நீல அணி முந்துகிறது, கோல் கை மாறுகிறது." செய்தி மறுநாள் அச்சாவது. முந்தியது, மாறியது என்றே எழுதுங்கள். 'நேற்று', 'இன்று' என்பதற்குப் பதில் கிழமையைச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை. முடிந்த நிகழ்ச்சியைப் பெயரோடு சேர்த்துச் சொல்லும்போதும் இறந்தகாலமே: நடைபெற்ற விழா, ஒத்திவைக்கப்பட்ட போட்டி. மேற்கோளுக்குள் மட்டும் பேசியவர் பேசிய காலம் அப்படியே இருக்கலாம்.

படி 5: எழுதிப் பார்ப்போம்

தொடர் ஓட்டத்தில் திருப்பம்: பச்சை அணிக்குக் கோப்பை

பள்ளி ஆண்டு விளையாட்டு விழாவில் பச்சை அணி 65 புள்ளிகளுடன் ஒட்டுமொத்தச் சாம்பியன் பட்டத்தை வென்றது. பள்ளி மைதானத்தில் வெள்ளிக்கிழமை நடைபெற்ற விழாவின் கடைசிப் போட்டியில் முதலில் வந்த நீல அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டதால் முடிவு தலைகீழாக மாறியது.

தொடர் ஓட்டம் தொடங்கும்போது நீல அணி 2 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. மூன்றாவது வீராங்கனைவரை தெளிவாக முந்திய அந்த அணி, கடைசி மாற்றத்தில் கோலைக் குறிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே கைமாற்றியது. நடுவர்களின் ஆலோசனைக்குப் பிறகு பச்சை அணிக்கு முதலிடம் அறிவிக்கப்பட்டது.

"ஆர்வத்தில் கொஞ்சம் முன்னதாகவே ஓடத் தொடங்கிவிட்டேன். தவறு என்னுடையதுதான்" என்று நீல அணியின் கடைசி வீராங்கனை கூறினார்.

முன்னதாக, கொடியேற்றத்துடன் விழா தொடங்கியது. தனிநபர் போட்டிகளில் வென்றவர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. மழையால் நிறுத்தப்பட்ட, புள்ளிக் கணக்கில் சேராத நீளம் தாண்டுதல் போட்டி அடுத்த வாரம் நடைபெறும்.

கடைசி வாக்கியத்தில் 'நடைபெறும்' எதிர்காலம். இனிமேல் நடக்கப்போவது என்பதால் அது சரிதான். நீங்கள் எழுதும்போது வென்றவர்களின் பெயரையும் வகுப்பையும் சேருங்கள். பெயரில் எழுத்துப்பிழை வந்தால் அந்த மாணவி உங்களை மன்னிக்கமாட்டாள்.

படி 6: கீழிருந்து வெட்டுங்கள்

பக்கத்தில் இடம் போதாதபோது செய்தியைக் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டுவது பத்திரிகை அலுவலகங்களின் பழைய வழக்கம். நீங்களும் செய்து பாருங்கள். கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துப் படியுங்கள். பிறகு அதற்கு மேலுள்ளதையும் மறையுங்கள். மேலே உள்ள செய்தியில் முதல் பத்தி மட்டும் மிஞ்சினாலும் யார் வென்றார், எங்கே, எப்போது, எதனால் என்பதெல்லாம் கிடைத்துவிடுகிறது. உங்கள் செய்தியில் முதல் பத்தி மட்டும் மிஞ்சும்போது கொடி மட்டும்தான் பறக்கிறது என்றால், படி 1-க்குத் திரும்புங்கள்.