நிராகரிப்பு மெயிலுக்கும் ஒரு பதில் போடுங்கள்

இன்டர்வியூ வரை போய் நிராகரிப்பு மெயில் வந்தால், ஓரிரு நாளுக்குள் பதில் அனுப்புங்கள். முதலில் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். noreply என்று இருந்தால் அதற்குப் பதில் போட்டுப் பயனில்லை. இன்டர்வியூ நேரம் குறித்து உங்களோடு பேசிய ஹெச்.ஆரின் பழைய மெயிலிலேயே தொடருங்கள்.

"ஏன் என்னை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. முடிவை எதிர்த்து வாதம் வருமோ என்று ஹெச்.ஆர். தயங்குவார்கள். ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். டேட்டா அனலிஸ்ட் வேலை என்றால் இப்படி:

"வணக்கம். முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. அடுத்த முறைக்கு நான் SQL பயிற்சியில் கவனம் செலுத்துவதா, டேட்டாவில் கண்டதை விளக்கிச் சொல்வதிலா? உங்கள் கருத்து உதவும். இதே டீமில் ஜூனியர் இடம் வந்தாலும் எனக்கு விருப்பம்தான். என் ரெஸ்யூமை உங்கள் பட்டியலில் வைத்திருங்கள்."

ஜூனியர் இடம் பற்றிய வரிதான் முக்கியம். வெறுமனே 'வாய்ப்பிருந்தால் சொல்லுங்கள்' என்றால் எந்த வேலைக்கு உங்களைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. தேர்வானவர் சேராமல் போவதும் உண்டு. அப்போது இந்த மெயில் கண்ணில் படும்.

பதில் வரவில்லையா, சரி, மறுபடி நச்சரிக்க வேண்டாம். சில மாதம் கழித்து புதிதாக ஒன்றை முடித்ததும் அதே மெயில் தொடரில் ரெஸ்யூமைப் புதுப்பித்து அனுப்புங்கள்.